வைஃபை கடவுச்சொல்லை மாற்றும் முன்: ஜெர்மனியில் பகிர்வு வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஜெர்மனியில் பலர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீட்டை வேகே என்பார்கள். அத்தகைய வீட்டில் இணைய ஒப்பந்தம் ஒருவர் பெயரில்தான் இருக்கும். அந்த இணைப்பின் வழியாக யாராவது டொரண்ட்டில் படம் இறக்கினால், பணம் கேட்டு வரும் வழக்கறிஞர் கடிதம் அந்த ஒருவர் பெயருக்குத்தான் வந்து சேரும். ஆகவே ஒருவர் வீட்டைக் காலி செய்து போனதும் வைஃபை கடவுச்சொல்லை மாற்றிவிடுவது நல்லது. ஆஹன் நகரில் நாங்கள் நால்வர் இருந்த வீட்டிலும் அப்படித்தான் மாற்றினோம். மாற்றிய விதத்தில் ஆறு நாள் இணையம் இல்லாமல் தவித்தோம்.

மாற்றும் வேலை சிறியது. இங்கே பல வீடுகளில் இருப்பது ஃபிரிட்ஸ்பாக்ஸ் ரூட்டர். உலாவியில் fritz.box என்று தட்டி, ரூட்டரின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும் சொல்லைக் கொடுத்து உள்ளே சென்று, WLAN என்பதன் கீழ் Sicherheit பக்கத்தைத் திறந்து, புதிய சொல்லை எழுதி Übernehmen என்பதை அழுத்தினால் முடிந்தது.

சிக்கல் விசைப்பலகையில் இருந்தது. ஜெர்மன் விசைப்பலகையில் y இருக்கும் இடத்தில் z இருக்கும். Z இருக்கும் இடத்தில் y இருக்கும். உடன் இருந்த தம்பியின் மடிக்கணினி ஊரில் வாங்கியது, எழுத்துகள் நாம் பழகிய இடத்திலேயே அச்சாகியிருந்தன. ஆனால் ஜெர்மன் வகுப்புக்காக விண்டோஸில் அவர் ஜெர்மன் தட்டச்சைச் சேர்த்திருந்தார். அன்று திரையின் கீழ் ஓரத்தில் ENG என்பதற்குப் பதிலாக DEU என்று இருந்ததை யாரும் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுக் கொல்லையில் வரிசையாக நிற்கும் வாழைகள் நினைவுக்கு வர, நான்தான் vaazhaipazham என்ற சொல்லைச் சொன்னேன். தம்பி விசைகளைப் பார்த்தபடியே தட்டி, திரையில் விழுந்ததைப் படிக்காமல் Übernehmen அழுத்திவிட்டார். ரூட்டரில் பதிவானது vaayhaipayham.

தமிழர்களான நமக்கு இந்தப் பிசகு நேர்வதற்கான வாய்ப்பு அதிகம் என்றே சொல்வேன். ழகரத்தை zh என்று எழுதும் பழக்கத்தால் மழை, வாழை, தமிழ், யாழ் என நாம் ஆசையாகத் தேர்ந்தெடுக்கும் சொற்களில் எல்லாம் z வந்து உட்கார்ந்துவிடுகிறது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்களை முற்றிலும் குழப்பியது. தம்பியின் மடிக்கணினி மட்டும் உடனே இணைந்தது, ஏனென்றால் அதே விசைகள் அதே தவறான எழுத்துகளையே மறுபடியும் தந்தன. எங்கள் கைபேசிகளும் அச்சுப்பொறியும் கடவுச்சொல் தவறு என்றன. ஒரு கருவி மட்டும் இணைந்து, மற்றவை எல்லாம் மறுத்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது தட்டச்சு அமைப்பைத்தான் என்பது இப்போது தெரிகிறது. அன்றைக்கு, முன்பே இங்கு வந்த அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். ரூட்டரைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புங்கள் என்றார். கண்ணால் பார்க்காமல் அப்படி ஒரு யோசனையைச் சொல்லியிருக்கக்கூடாது. கேட்டவுடன் செய்த எங்கள் அவசரமும் தவறு. அதே மடிக்கணினியில் System, Sicherung, Werkseinstellungen என்று ஒவ்வொன்றாகத் திறந்துபோய் எல்லாவற்றையும் அழித்தோம். அந்த நேரத்தில் Sicherheit பக்கத்தை மறுபடி திறந்திருந்தால், சேமிக்கப்பட்ட சொல்லை எழுத்துக்கு எழுத்து படித்திருக்கலாம்.

அப்படித் திருப்பினால் வைஃபை சொல் மட்டுமல்ல, இணைய நிறுவனம் கொடுத்த பயனர் எண்ணும் அதன் கடவுச்சொல்லும் சேர்ந்தே அழிந்துவிடும். சில நிறுவனங்களின் இணைப்பில் ரூட்டர் தானாக அவற்றைப் பெற்றுக்கொள்ளும். எங்களுடையதில் அவ்வாறு நடக்கவில்லை. அந்த விவரங்கள் இருந்த கடிதம் காலி செய்து போனவரிடம் தங்கிவிட்டது. நிறுவனம் புதிய கடிதத்தை அஞ்சலில்தான் அனுப்புவோம் என்றது, அது வர ஆறு நாள் ஆயிற்று. அதற்குள் என் ப்ரீபெய்ட் சிம்மின் டேட்டா தீர்ந்து வேகம் 64 கேபிபிஎஸ் ஆகக் குறைக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் முகம் அசையாத படமாகத் திரையில் நின்றது, குரலும் வரவில்லை.

இணையம் திரும்பியதும் நாங்கள் தேர்ந்தெடுத்தது வெறும் எண்கள், இருபது இலக்கம். ஆங்கிலத் தட்டச்சிலும் ஜெர்மன் தட்டச்சிலும் எண்கள் இடம் மாறுவதில்லை. இருபது இலக்கத்தை யாராலும் ஊகிக்கவும் முடியாது. எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம், அதற்குக் கியூஆர் படம் இருக்கிறது. ஃபிரிட்ஸ்பாக்ஸ் தானே அந்தப் படத்தோடு அச்சிடக்கூடிய ஒரு தாளைத் தரும். வேறு ரூட்டராக இருந்தால், கியூஆர் உருவாக்கும் செயலியில் இந்த வடிவத்திலேயே ஒரு வரி கொடுத்தால் போதும்; S என்பதற்குப் பின் வைஃபையின் பெயர், P என்பதற்குப் பின் கடவுச்சொல்.

```
WIFI:T:WPA;S:WG-Kueche;P:40718263950264817359;;
```

அறிவிப்பை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பாதீர்கள். நேற்று வந்து இறங்கியவரிடம் இன்னும் சிம் இருக்காது. வைஃபை அறுந்த பிறகு அந்தச் செய்தி அவரை அடையாது. நாங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய தாளில் எழுதியிருந்ததை இங்கே தருகிறேன், பெயரை மாற்றி எடுத்துக்கொள்ளலாம்.

"அன்புள்ள நண்பர்களுக்கு, இன்று இரவு 9 மணிக்கு வைஃபை கடவுச்சொல் மாறுகிறது, வைஃபையின் பெயர் மாறாது. கைபேசியில் கேமராவைத் திறந்து மேலே உள்ள படத்தைக் காட்டினால் இணைந்துவிடும். இணையவில்லை என்றால், பெயர் அதேதான் என்பதால் கைபேசி பழைய சொல்லையே கொடுத்துக்கொண்டிருக்கும். அமைப்புகளில் இந்த வைஃபையை நீக்கிவிட்டு மறுபடி படத்தைக் காட்டுங்கள். மாற்றிய பிறகு வைஃபை குறி மேலே தெரிகிறதா என்று பாருங்கள், தெரியாவிட்டால் கைபேசி சொல்லாமலேயே சிம் டேட்டாவைச் செலவழித்துக்கொண்டிருக்கும். விண்டோஸ் மடிக்கணினி பிடிவாதம் பிடித்தால் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் கீழே உள்ள வரியைத் தட்டிவிட்டு, புதிதாக இணையுங்கள்."

```
netsh wlan delete profile name="WG-Kueche"
```

"அச்சுப்பொறியை நான் பார்த்துக்கொள்கிறேன். தொலைக்காட்சியில் தொலையியக்கியால் இருபது எண்ணையும் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும், கூடத்தில் இருப்பவர் செய்துவிடுங்கள். ஸ்மார்ட் விளக்கு வைத்திருப்பவர்கள் அதன் செயலியில் விளக்கை முதலிலிருந்து சேர்க்க வேண்டியிருக்கலாம். அந்த விளக்குகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும் என்பதால், ரூட்டரில் அதை யாரும் அணைக்க வேண்டாம்."

அச்சுப்பொறிக்கு எண்ணே தேவைப்படவில்லை. ரூட்டரில் WPS என்றிருக்கும் பொத்தானை விளக்கு சிமிட்டும் வரை அழுத்திப் பிடித்து, இரண்டு நிமிடத்துக்குள் அச்சுப்பொறியின் வைஃபை அமைப்பில் WPS என்பதைத் தேர்ந்தெடுத்தால், இரண்டும் தாமே பேசிச் சேர்ந்துகொள்ளும். ரூட்டரில் வைஃபை பாதுகாப்பு முறையை WPA3 மட்டும் என்று வைத்திருந்தால் இந்த வழி நடக்காது. WPA2 + WPA3 என்று இருக்க வேண்டும். எல்லோரும் வெளியே தள்ளப்பட்டுவிட்டால் அப்போதும் ரூட்டரை அழிக்கத் தேவையில்லை. ஒரு மடிக்கணினியை ரூட்டரோடு கேபிளால் இணைத்தால் வைஃபை சொல் இல்லாமலேயே fritz.box திறக்கும், சேமித்த சொல்லை அங்கே படித்துவிடலாம். எங்கள் கேபிள் இப்போது ரூட்டரின் பின்னால் சுருட்டித் தொங்குகிறது. நிறுவனத்தின் கடிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அரிசி டப்பா இருக்கும் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம்.