ஒரு வரியை மறைத்தால் போதுமா? கணக்குத் தீர்வைக் கோடிட்ட இடமாக்கும்போது வரும் தவறுகள்

தொகையிடல் கணக்கு ஒன்றை முழுதாகப் போட்டுக் காட்டிவிட்டு, பிறகு அதே மாதிரித் தீர்வில் ஒவ்வொரு வரியாக மறைத்துப் பயிற்சி கொடுப்பது நல்ல முறைதான். ஆனால் நான் முதலில் தயாரித்த தாள்களில் எல்லாரும் எல்லாக் கோட்டையும் சரியாக நிரப்பினார்கள். வெள்ளைத் தாளைக் கொடுத்ததும் பாதிப் பேருக்கு முதல் வரியே வரவில்லை. கோளாறு என் தாளில்தான் இருந்தது.

பிரதியிடல் முறையில் போடும் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

```
∫₀² x(x² + 1)³ dx

1)  u = x² + 1
2)  du = 2x dx, எனவே x dx = du/2
3)  x = 0 எனில் u = 1;  x = 2 எனில் u = 5
4)  ½ ∫₁⁵ u³ du
5)  ½ · ¼ (5⁴ − 1⁴) = 624/8 = 78
```

இதில் முதல் வரியை மட்டும் மறைத்து `u = ____` என்று வைத்தால் என்ன ஆகும்? அடுத்த வரியிலேயே du = 2x dx என்று இருக்கிறது. மூன்றாம் வரி, x = 0 என்றால் u = 1 என்கிறது. இரண்டையும் பார்த்துப் பின்னோக்கிப் போனாலே x² + 1 வந்துவிடும். எதை u என்று எடுப்பது என்பதுதான் இந்தக் கணக்கின் உயிர். அதை யோசிக்காமலேயே மாணவர் கோட்டை நிரப்பிவிடுகிறார். `u = x² + __` என்று கொஞ்சூண்டு இடம் விடுவது இன்னும் மோசம்.

விடை கசிகிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. கேள்வியையும் கோட்டுக்கு மேலே உள்ள வரிகளையும் கையால் மூடிக்கொள்ளுங்கள். கீழே உள்ள வரிகளை மட்டும் வைத்துக் கோட்டை நிரப்ப முடிந்தால் கசிகிறது என்று அர்த்தம்.

அதனால் கடைசியிலிருந்து மறைப்பதே வசதி. முதல் தாளில் 5ஆம் வரி மட்டும், அடுத்த தாளில் 4, 5, அதற்கடுத்து 3, 4, 5 என்று கோடுகள் மேலே ஏறும். கோட்டுக்குக் கீழே எதுவும் எஞ்சாததால் கசிய வழியில்லை. கல்வி உளவியல் ஆய்வாளர்கள் ரெங்கல், அட்கின்சன் உள்ளிட்டோர் 2002இல் வெளியிட்ட ஆய்வும் பின்னாலிருந்து மறைப்பதற்கே சாதகமாக இருந்தது. ஆனால் 2004இல் ரெங்கலும் அட்கின்சனும் இன்னொருவரோடு சேர்ந்து செய்த ஆய்வில், எந்த இடத்திலிருந்து தொடங்குகிறோம் என்பது பெரிய வித்தியாசம் தரவில்லை. எந்தப் படி மறைக்கப்பட்டதோ அதன் பின்னுள்ள கருத்தைத்தான் மாணவர்கள் அதிகம் கற்றார்கள்.

இங்கேதான் பலர் அடுத்த தவறைச் செய்கிறோம். மூன்று தாள் போட்டதும் நேரம் போய்விடுகிறது, "சரி, புரிந்துவிட்டது" என்று நிறுத்திவிடுகிறோம். மாணவர் 5⁴ − 1⁴ கழிப்பதை மூன்று தடவை செய்திருப்பார், u தேர்வு செய்வதை ஒரு தடவைகூடச் செய்திருக்க மாட்டார். நேரம் குறைவு என்றால் 4, 5 இரண்டையும் முதல் தாளிலேயே சேர்த்து மறைத்துவிடுங்கள். 1ஆம் வரி வரை போகாமல் நிறுத்த வேண்டாம்.

ஒவ்வொரு தாளுக்கும் எண்களை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மனப்பாடம்தான் நடக்கும். மாற்றும்போது கவனம் தேவை. அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள x-ஐ 2x ஆக்கினால் ½ காணாமல் போய், இரண்டாம் வரியில் செய்ய வேலையே இருக்காது. x(x³ + 1)³ என்று மாற்றினால் இந்தப் பிரதியிடலே உதவாது. வெளியே x² வேண்டும்.

எனக்கே தெரியாமல் நான் வைத்த பொறி ஒன்று: ∫₀¹ x e^(x²) dx. u = x² என்று எடுத்தால் 0 என்பது 0 ஆகவும், 1 என்பது 1 ஆகவும் இருக்கும். எல்லைகளை மாற்றவே மறந்தவருக்கும் (e − 1)/2 என்ற சரியான விடை கிடைக்கும். நான் டிக் போட்டுக் கொடுத்தேன்! மேல் எல்லையை 2 ஆக்கினால் சரியான விடை (e⁴ − 1)/2, மறந்தவரின் விடை (e² − 1)/2. இப்போதெல்லாம் தாளை அச்சடிக்கும் முன் வழக்கமான தவறுகளை நானே செய்து பார்க்கிறேன். மேலே உள்ள கணக்கில் எல்லைகளை மறந்தால் 2, ½-ஐ மறந்தால் 156 வரும். விடையைப் பார்த்ததுமே எந்த வரியில் தடுக்கியது என்று தெரியும்.

அப்புறம், திருத்தும்போது ஒரு விஷயம். அதே கணக்கில் ஒருவர் u = x² என்று எழுதினால் அடித்துவிடத் தோன்றும். அவருக்கு எல்லைகள் 0, 4 ஆகும். ½ ∫₀⁴ (u + 1)³ du என்று போனால் அதே 78 வரும். கீழே `x = 0 எனில் u = 1` என்று நாம் அச்சிட்டு வைத்திருந்தால் அவர் குழம்பிப்போய்ச் சரியான வழியை அழித்துவிடுவார். 1ஆம் வரியை மறைக்கும் தாளில் அதற்குக் கீழே எல்லாமே வெறும் கோடாக இருக்கட்டும்.