தண்டையார்பேட்டையிலிருந்து நேபாளம்: சுனௌலியில் நடந்தே எல்லை தாண்டுவது எப்படி?

முக்திநாத்துக்கோ லும்பினிக்கோ போக நினைப்பவர்களுக்குச் சுலபமான வழி கோரக்பூர் வரை ரயில், அங்கிருந்து பஸ்ஸில் சுமார் மூன்று மணி நேரத்தில் சுனௌலி. இந்தியப் பக்கம் சுனௌலி, அந்தப் பக்கம் பேலஹியா. நடுவே ஒரு நுழைவு வளைவு, அவ்வளவுதான்.

முதலில் அடையாள அட்டை. நமக்கு விசா தேவையில்லை என்றதும் பலர் ஆதாரை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். 15 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும் இருப்பவர்களுக்குத்தான் ஆதார் செல்லும். மற்றவர்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும், அதுவும் ஒரிஜினல். என் சித்திக்கு 58 வயது. கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி பீரோவைக் குடைந்து வாக்காளர் அட்டையைத் தேடினோம். நடந்து போகும்போது பல நேரம் யாரும் கேட்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் திரும்பும்போது காத்மாண்டுவில் விமானம் ஏற வேண்டியிருந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

கூட வருபவரிடம் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் இருந்தால் கவனம். இந்தியக் குடியேற்ற அலுவலகம் கடைகளுக்கு நடுவே சின்னதாக இருக்கும், கண்ணில் படாமல் தாண்டிவிடலாம். அங்கே வெளியேறும் முத்திரை வாங்காமல் பேலஹியா போனால், நேபாள விசா தராமல் திருப்பி அனுப்புவார்கள். நமக்கு முத்திரை எதுவும் இல்லை, பையை மட்டும் பார்ப்பார்கள்.

அப்புறம் பணம். 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், 1993 முதல் இதே கணக்குதான். மாற்றிக் கொடுப்பவர் கமிஷனாக ஓரிரண்டு ரூபாய் பிடிப்பார், சண்டை போட வேண்டாம். கடைக்காரர் விலை சொன்னால் உடனே "ஐசியா, என்சியா?" என்று கேளுங்கள். ஐசி இந்திய ரூபாய், என்சி நேபாள ரூபாய். அறை வாடகை 1,600 என்றார்கள். சித்தி அப்படியே நம்ம ரூபாயில் எண்ணத் தொடங்கிவிட்டார். கேட்ட பிறகுதான் அது என்சி என்று தெரிந்தது. கொடுக்க வேண்டியது 1,000 மட்டுமே. நூறு ரூபாய்த் தாள்களாகவே கொண்டுபோங்கள். பெரிய தாள்களை 2018 டிசம்பரில் நேபாளம் தடை செய்தது, அந்த விதி அவ்வப்போது மாறுகிறது.

நேபாள நேரம் நம்மைவிட 15 நிமிடம் முன்னால் ஓடுகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் பக்கத்து ஊரான பைரஹவாவில் ஏழு மணி பஸ் என்றால் நம்ம கடிகாரத்தில் 6:45.

தாமதம் பெரும்பாலும் எல்லைக் கோட்டில் வருவதில்லை. லாரி வரிசையில் பஸ் நின்றுவிட்டால் இறங்கி நடந்துவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டத்தால் கோரக்பூர் ரயில் மணிக்கணக்கில் தாமதமாகும், அதனால் அன்றைக்கே மறுபக்கத்தில் அறை போட வேண்டாம். நேபாளத்தில் தேர்தல் என்றால் எல்லையையே மூடிவிடுவார்கள், தேதி பார்த்துக் கிளம்புங்கள்.

மிச்சமிருக்கும் நேபாள ரூபாயைத் திரும்பும்போது பேலஹியாவிலேயே மாற்றிவிடுங்கள். எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் இன்னும் இரண்டு நூறு என்சி தாள் கிடக்கிறது.