இப்போ, அடுத்து, அப்புறம்: தேதி இல்லாத ரோட்மேப்புக்குள் தேதி புகுந்துவிடும் கதை

செய்யப்போகும் வேலைகளைத் தேதி போடாமல் அட்டை அட்டையாக எழுதி, ஒரு பலகையில் 'இப்போ, அடுத்து, அப்புறம்' என்று மூன்று கட்டமாக ரோட்மேப் வைப்பது சின்ன ஸ்டார்ட்அப்புக்கு நன்றாகப் பொருந்தும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கட்டம் போடுவதில் தவறுவதில்லை. தவறு அதற்கப்புறம்தான் வருகிறது, அதுவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி.

கட்டத்தை மாதமாக மொழிபெயர்ப்பது

மற்ற தவறுகளை ஒரு வாரத்தில் சரிசெய்துவிடலாம். இது ஒரு சீசனையே தின்றுவிடும். 'இப்போ' என்றால் இந்த மாதம், 'அடுத்து' என்றால் தீபாவளிக்குள் என்று யாரோ ஒருவர் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொள்கிறார். பெரும்பாலும் அது கடைக்காரரின் எதிரே உட்கார்ந்திருக்கும் சேல்ஸ் ஆள்.

மதுரை விளக்குத்தூண் பக்கத்து ஜவுளி மொத்தக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்யும் ஐந்து பேர் அணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். டெவலப்பர்கள் இரண்டே பேர். 'இப்போ' கட்டத்தில், நெட் இல்லாதபோதும் பில் போடும் வசதி. 'அடுத்து' கட்டத்தில், எந்தப் பார்ட்டி எவ்வளவு பாக்கி என்று காட்டும் நிலுவைப் பட்டியல். சேல்ஸ் ஆள் பலகையைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நிலுவை லிஸ்ட் அடுத்ததா வருது, தீபாவளிக்குள்ள வந்துரும்" என்று சொல்லிவிடுகிறார்.

இங்கே 'இப்போ' வேலை இழுக்கிறது. நெட் இல்லாமல் இரண்டு கவுன்டரில் பில் போட்டால், இரண்டும் அதே அடுத்த எண்ணை எடுத்துக்கொள்கின்றன. ஜிஎஸ்டி விதிப்படி ஒரு நிதியாண்டுக்குள் பில் எண் திரும்ப வரக்கூடாது, தொடர்ச்சியாகவும் இருக்க வேண்டும். கவுன்டருக்கு ஒரு தனி வரிசை கொடுப்பதுதான் வழி: ஒன்றுக்கு A/0001, இன்னொன்றுக்கு B/0001. விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் பழைய ரிப்போர்ட் எல்லாம் ஒரே வரிசையை நம்பி எழுதப்பட்டவை, அத்தனையையும் திருத்த வேண்டும். மூன்று வாரம் என்று நினைத்தது ஏழு வாரம் ஆகிறது.

வாக்குக் கொடுத்தாயிற்றே என்று ஐந்தாவது வாரத்தில் ஒரு டெவலப்பரை நிலுவைப் பட்டியலுக்கு மாற்றுகிறார்கள். இரண்டு வேலையும் பாதியில் நிற்கிறது. சில்லறைக் கடைக்காரர்கள் சரக்கெடுக்க வருவது பண்டிகைக்கு வெகு முன்பே. அந்த நெரிசலில் கவுன்டரில் பில் போட முடியாமல் நிற்பதுதான் மிச்சம்.

இதில் எரிச்சல் எங்கே என்றால், அண்ணாச்சி தீபாவளி என்று கேட்கவே இல்லை. கடனுக்குப் போன சரக்குக்குப் பணம் வசூலிக்கக் கிளம்புவது சீசன் முடிந்தபிறகு. "எதுக்கு வேணும், எப்ப எடுத்துப் பாப்பீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தாலே போதும், அந்தத் தேதி பிறந்தே இருக்காது.

உங்கள் அணியில் இது நடக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. சேல்ஸ் ஆளிடம் "அடுத்துன்னா எப்போ?" என்று கேளுங்கள். பதிலில் மாதத்தின் பெயரோ பண்டிகையின் பெயரோ வந்தால், உங்களிடம் இருப்பது தேதி ரோட்மேப்தான், தேதியை மட்டும் மறைத்து வைத்திருக்கிறீர்கள்.

மாற்றாகச் சொல்ல வேண்டியது வரிசையையும் நிபந்தனையையும். "இதுக்கு முன்னாடி ஒரு வேலை ஓடுது. அது ரெண்டு கடையில ஒரு வாரம் தகராறில்லாம ஓடுனதும் உங்களோடத எடுக்கிறோம், அன்னைக்கே போன் பண்றேன்." இந்த நிபந்தனையை அட்டையிலேயே எழுதிவிடுங்கள். வாயால் சொன்னால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் சேல்ஸ் ஆளையும் வைத்துக்கொண்டு பலகையைப் பாருங்கள். 'இப்போ'வில் இடம் காலியானால்தான் 'அடுத்து'விலிருந்து ஒன்று ஏற வேண்டும். இரண்டு டெவலப்பருக்கு அங்கே இரண்டு அட்டை போதும், மூன்றாவது வந்தால் யாரோ இரண்டு வேலை பார்க்கிறார் என்று அர்த்தம்.

அட்டையில் ஃபீச்சர் பெயரை எழுதுவது

'நிலுவைப் பட்டியல்' என்று எழுதினால் பட்டியல்தான் செய்வீர்கள். 'வசூலுக்குப் போகும் ஆளுக்கு யாரிடம் எவ்வளவு கேட்பது என்று தெரியவில்லை' என்று எழுதினால், ஒருவேளை வாட்ஸ்அப்பில் காலையில் போகும் ஒரு செய்தியே போதுமானதாக இருக்கலாம். 'இப்போ'வில் இருப்பதற்குத் தீர்வு தெளிவாக இருக்கட்டும். 'அப்புறம்' கட்டத்தில் பிரச்சினை மட்டும், ஒரே வரியில்.

'அப்புறம்' கட்டத்தைக் குப்பைத் தொட்டியாக்குவது

கடைக்காரர் கேட்டதைச் செய்யப்போவதில்லை என்றால், 'அப்புறம்' என்று போட்டு வைக்காமல் முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள்.

எந்தத் தேதியுமே வேண்டாம் என்பது

அரசாங்கம் வைக்கும் தேதி உங்கள் கட்டத்துக்குக் கட்டுப்படாது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் மற்ற நிறுவனங்களுக்குப் போடும் பில்லுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயமானது. பில்லிங் மென்பொருள் விற்கிறவர் அதை 'அடுத்து' என்று வைத்திருக்க முடியாது. இப்படிப்பட்டவற்றை மூன்று கட்டத்துக்கும் மேலே தனி வரியில், தேதியோடு எழுதுங்கள். வெளியாள் விதித்த தேதிக்கு மட்டுமே அங்கே இடம். சேல்ஸ் ஆள் கொடுத்த வாக்கு அந்த வரியில் ஏறக்கூடாது.