இரண்டு வேலை ஆஃபர்: கணக்கில் வரும் தவறுகள்

கையில் இரண்டு ஆஃபர் கடிதங்கள். முதல் வேலைக்கு ஆண்டுக்கு 12,00,000, இரண்டாவதற்கு 10,50,000. ஒன்றரை லட்சம் வித்தியாசம் என்றதும் முதல் வேலைக்கே மனசு போகும். அவசரப்பட வேண்டாம், கடிதத்தைப் பிரித்துப் பாருங்கள்.

அந்த 12,00,000-இல் நிலையான சம்பளமும் படிகளும் சேர்ந்து 10,20,000. போனஸ் ‘அதிகபட்சம்’ 1,20,000. சேரும்போது ஒரே முறை தருவது 60,000. இரண்டாவது வேலையில் 10,50,000-மும் நிலையானது.

போனஸை முழுசாக எழுதிக்கொள்வதுதான் பலர் செய்யும் முதல் தவறு. கடந்த இரண்டு ஆண்டுகளில் உங்கள் நிலையில் இருப்பவர்களுக்கு எத்தனை சதவீதம் கிடைத்தது என்று எச்.ஆரிடம் நேராகவே கேளுங்கள். 70 என்று பதில் வந்தால் 84,000 மட்டும் எழுதுங்கள். சேரும்போது தரும் பணம் அடுத்த ஆண்டு வராது, அதைத் தனியே வையுங்கள். ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள். இப்போது 11,04,000-க்கு எதிராக 10,50,000. வித்தியாசம் 54,000-ஆகச் சுருங்கிவிட்டது.

அடுத்து செலவு. முதல் வேலைக்குப் போனால் வாடகை மாதம் 3,000 கூடும், ஆண்டுக்கு 36,000. போக்குவரத்துக்கு நாளுக்கு 60 கூடுதல். இதை 365-ஆல் பெருக்கக் கூடாது. விடுமுறையும் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களும் போக 220 நாள் என்றால் 13,200. மொத்தம் 49,200. 54,000-இல் இதைக் கழித்து, ‘சரி, 4,800 லாபம்’ என்று முடித்துவிடுவார்கள்.

எனக்குத் தெரிந்து அதிகம் ஏமாற்றுவது இந்த இடம்தான். 54,000 வரி பிடிப்பதற்கு முந்தைய பணம். வாடகையையும் பயணச் செலவையும் வரி போக மிஞ்சிய பணத்திலிருந்து கொடுக்கிறோம். ஒன்றிலிருந்து மற்றொன்றை அப்படியே கழிக்கக் கூடாது. அதிலும் கூடுதலாக வரும் சம்பளத்துக்கு உங்கள் சராசரி வரி விகிதம் பொருந்தாது. உங்கள் வருமானம் தொடும் மேல் வரி அடுக்கின் விகிதமே பொருந்தும். அது 20 சதவீதம் என்றால் 54,000-இல் கைக்கு வருவது 43,200. செலவு 49,200. ஆக, பெரிய சம்பள வேலையில் ஆண்டுக்கு 6,000 குறைவு. வாடகைக்கோ பயணத்துக்கோ உங்கள் ஊரில் வரிச்சலுகை இருந்தால் அதையும் இந்த இடத்தில் சேருங்கள், விடை மாறலாம்.

தனியே வைத்த 60,000, வரி போக 48,000. அதனால் முதல் ஆண்டில் மட்டும் அந்த வேலை 42,000 முன்னால் நிற்கும், இரண்டாம் ஆண்டிலிருந்து பின்தங்கும். ஓய்வூதியத்துக்கு நிறுவனம் போடும் பங்கை இதோடு கலக்காமல் வேறு இடத்தில் எழுதுங்கள். அது உங்கள் பணம்தான், ஆனால் மாத வாடகைக்கு உதவாது.