வெர்மீர் பிம்பத்தின் மேல் வரைந்தாரா? ஆதாரங்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருட்டறையின் ஒரு துளையிலோ லென்ஸிலோ வெளிச்சம் நுழைந்து, எதிர்ச்சுவரில் வெளிக்காட்சியைத் தலைகீழாக விழச் செய்வதுதான் கேமரா அப்ஸ்கூரா. டச்சு ஓவியர் வெர்மீர் அந்தப் பிம்பத்தின் மேல் கோடு இழுத்துத்தான் வரைந்தார், அதுதான் அவருடைய ரகசியம் என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கும் 'பால் ஊற்றும் பெண்' ஓவியத்தையே எடுத்துப் பார்ப்போம்.

மேசையில் இருக்கும் ரொட்டியின் மேல் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் மின்னுகின்றன. லென்ஸில் ஃபோகஸ் தப்பினால் வரும் ஒளிவட்டங்கள்தான் இவை என்று உடனே முடிவுகட்டுவது முதல் தவறு. அப்படிப்பட்ட வட்டங்கள் பளபளப்பான பரப்பில் வெளிச்சம் பளிச்சென்று தெறிக்கும் இடத்தில்தான் உருவாகும். உலோகத்திலோ ஈரத்திலோ வரலாம், காய்ந்த ரொட்டியில் வராது. லென்ஸ் பிம்பத்தை எங்கோ பார்த்து, அது பிடித்துப்போய், வேண்டிய இடத்திலெல்லாம் அவரே புள்ளி வைத்திருக்கலாம். பார்த்தது வேறு, அதன் மேல் கோடு இழுத்தது வேறு. இந்த விவாதத்தில் மிக அதிகமாகக் குழம்பிப்போவது இந்த இரண்டும்தான்.

அடுத்தது, தூரத்தையும் ஆழத்தையும் காட்டும் பெர்ஸ்பெக்டிவ் பிசகவில்லை, ஆகவே கருவி உதவியிருக்க வேண்டும் என்ற வாதம். அந்தப் பெண்ணின் வலது கைக்குச் சற்று மேலே ஓவியத்தில் ஓர் ஊசித்துளை இருக்கிறது. கோடுகள் போய்ச் சேரும் மறைபுள்ளி அதுதான். அங்கே ஊசி குத்தி, சுண்ணப்பொடி தடவிய நூலைக் கட்டி, தச்சர் நூல் அடிப்பதுபோலச் சுண்டினால் ஜன்னல் சட்டத்தின் சாய்கோடுகள் கிடைத்துவிடும். இதேபோன்ற துளைகள் அவருடைய வேறு பல படங்களிலும் கிடைத்திருக்கின்றன. 2022-இல் வெளியான ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: பெண்ணுக்குப் பின்னால் முதலில் குடுவை மாட்டும் சட்டமும் நெருப்புக்கூடையும் இருந்திருக்கின்றன, அவற்றை வெர்மீர் பிறகு மூடிவிட்டார். அடியில் கறுப்பு வண்ணத்தில் வேகமாகப் போட்ட கோடுகளும் தெரிந்தன. பிம்பத்தை நிதானமாகப் பின்பற்றிய கை அப்படி இருக்காது.

சரி, கருவியே இல்லை என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறுதான். 2001-இல் கட்டடக்கலை ஆய்வாளர் பிலிப் ஸ்டெட்மன் ஆறு படங்களின் வடிவியலைக் கணக்கிட்டார். பார்வைப்புள்ளி வழியாகக் கோடுகளை ஓவியருக்குப் பின்னால் இருக்கும் சுவர்வரை நீட்டினால், அங்கே விழும் பிம்பத்தின் அளவு அந்தந்த ஓவியத்தின் அளவோடு பொருந்துகிறது. தற்செயல் என்று ஒதுக்க முடியாத வாதம் இது. அதே சமயம், 1676-இல் எடுத்த வெர்மீர் வீட்டுப் பொருள் பட்டியலில் ஓவியத்தாங்கிகளும் வண்ணத்தட்டுகளும் இருக்கின்றன, கேமரா அப்ஸ்கூரா இல்லை.

'ரகசியம்' என்ற சொல்லும் இங்கே பொருந்தாது. லென்ஸ் பொருத்தி, தாளில் விழும் பிம்பத்தை வரைந்துகொள்ளும் முறையை வெனிஸ் அறிஞர் டானியேலே பார்பரோ 1560-களிலேயே அச்சில் விளக்கிவிட்டார், வெர்மீர் பிறந்ததோ 1632-இல்.