பாச்சை உருண்டை போட்டும் பெட்டியைப் பூச்சி அரித்தது ஏன்?

எங்கள் தெரு பஜனைக் கோஷ்டியின் ஆர்மோனியப் பெட்டி வருடத்தில் 11 மாதம் பரண் மேல்தான் கிடக்கும். மார்கழி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பு இறக்கித் துடைத்து, துருத்தியை இழுத்துப் பார்ப்போம். மூன்று வருடத்துக்கு முன்பு அப்படி இழுத்தபோது, எந்தக் கட்டையையும் தொடாமலேயே ஒரு சுருதி விடாமல் கத்தத் தொடங்கியது. நடுவில் இரண்டு கட்டைகளை எவ்வளவு அழுத்தினாலும் சத்தமே இல்லை. துருத்தியில் காற்று நிற்கவில்லை. இத்தனைக்கும் உள்ளே ஆறு பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தோம்.

ரிப்பேர் செய்பவர் மூடியைக் கழற்றியதும் சிரித்தார். "தம்பி, இது ஒரு பூச்சி இல்லை. மூணு பூச்சி. ஆளுக்கு ஒரு மூலையாப் பங்கு பிரிச்சிக்கிட்டு இருக்கு."

கத்திய சுருதிக்குக் காரணம் கம்பளி தின்னும் அந்துப்பூச்சி. கட்டையின் அடியில், ரீடின் துளையை மூடுகிற மரத்துண்டு ஒன்று இருக்கும். அதன் வயிற்றில் ஃபெல்ட்டும் மெல்லிய தோலும் ஒட்டியிருக்கும். ஃபெல்ட் என்பது அழுத்திய கம்பளி ரோமம். அந்துப்பூச்சியின் புழுவுக்கு அதுதான் சாப்பாடு. ஓர் ஓரத்தைத் தின்றுவிட்டால் துளை சரியாக மூடாது, காற்று கசிந்து ரீடு கத்தும். சத்தம் வராத இரண்டு கட்டைகளின் கதை வேறு. பக்கப்பலகையில் புகுந்த வண்டு கொட்டிய மரத்தூள் ரீடின் நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் சிக்கியிருந்தது. பித்தளை நாக்கு அதிர இடமில்லாவிட்டால் ஊமைதான். துருத்தி மடிப்புகளைக் கெடுத்தது வெள்ளிப்பூச்சி. சில ஊர்களில் ராமபாணம் என்பார்கள். அது கம்பளியையும் மரத்தையும் விட்டுவிட்டு, மடிப்புகளில் ஒட்டியிருந்த காகிதத்தையும் அதன் மாவுப் பசையையும் சுரண்டியிருந்தது.

எங்கள் முதல் தவறு மூன்றுக்கும் ஒரே மருந்து போட்டது. பாச்சை உருண்டையின் ஆவி, காற்றுப் போகாத டப்பாவில் தேங்கி நின்றால்தான் புழுவைக் கொல்லும். ஆர்மோனியமோ காற்று போய் வருவதற்கென்றே செய்த பெட்டி. ஆவி ஒரு பக்கம் வெளியேறிக்கொண்டே இருக்கும். மரத்துக்குள் ஓடை தோண்டிக்கொண்டிருக்கும் புழுவை அது எட்டவே எட்டாது. நமக்குக் கிடைப்பது நாற்றம் மட்டும்தான். ஒவ்வொரு தடவை துருத்தி போடும்போதும் அது வாசிப்பவர் முகத்தில் அடிக்கும். உருண்டை பட்டுக்கொண்டிருந்தால் பிளாஸ்டிக் கட்டைகளும் சிலவகை வார்னிஷும் இளகிப் பிசுபிசுக்கும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு இந்த நாப்தலீன் ரத்த அணுக்களையே சிதைக்கக்கூடியது. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இதைப் போடவே வேண்டாம்.

அடுத்த தவறு அவசரப்பட்டு எதையாவது ஊற்றுவது. பலகையில் குண்டூசித் தலை அளவு துளைகளைப் பார்த்ததும் எங்கள் கோஷ்டியில் ஒருவர் சிரிஞ்சில் மண்ணெண்ணெயோடு வந்துவிட்டார். நல்லவேளை, தடுத்துவிட்டோம். எண்ணெய் பட்ட தோலும் ஃபெல்ட்டும் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரீடில் ஒரு துளி வழிந்தால் தூசி அப்பி சுருதி இறங்கும். கரப்பான்பூச்சிக்கு அடிக்கிற ஸ்ப்ரேயும் பெட்டிக்குள் போகக் கூடாது. அதிலுள்ள கரைப்பான் அரக்கு பாலிஷை மங்கவைக்கும். மருந்து படிவதும் நாம் மூச்சுவிடுகிற காற்று வருகிற வழியில்தான்.

இதைவிட ஆபத்தான யோசனை ஒன்றும் வந்தது. நெல் மூட்டைக்குப் போடுகிற மாத்திரையைப் பெட்டியோடு சேர்த்து பிளாஸ்டிக் பையில் கட்டிவைக்கலாமாம். அந்த மாத்திரை ஈரக்காற்று பட்டதும் பாஸ்பீன் என்ற வாயுவை விடும். பூச்சி செத்துவிடும், அது உண்மைதான். ஆனால் அந்த வாயு செம்பையும் பித்தளையையும் அரிக்கும். ஆர்மோனியத்தின் உயிரே பித்தளை ரீடுகள்தானே! எல்லாவற்றுக்கும் மேலாக, அது மனிதரைக் கொல்லும் வாயு. குடியிருக்கிற வீட்டுக்குள் அந்த மாத்திரை வரவே கூடாது.

சரி, மரத்தை அரிக்கும் வண்டை என்ன செய்வது? அதன் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். துளைகளை வைத்து மிகச்சிறிய பூச்சி இது என்று கண்டுபிடிக்கலாம். ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் துளை, விரலில் தேய்த்தால் முகப்பவுடர் போல வழுக்கும் தூள். தாய் வண்டு பாலிஷ் போடாத மரத்தின் நுண்துளைகளில் முட்டையிடும். புழு உள்ளேயே மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கு மேலும், மரத்தின் மாவுச்சத்தைத் தின்று வளரும். வளர்ந்த வண்டு ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். ஆகவே நாம் பார்க்கிற துளை அது வெளியேறிய வழி. துளைக்குள் மருந்து விட்டால், காலிசெய்த வீட்டுக்குப் பூட்டு போட்ட கதைதான்.

இந்த வண்டுக்கு வேண்டியது மரத்தின் வெள்ளைப் பகுதி. வைரம் பாய்ந்த நடுக்கட்டையில் மாவுச்சத்து கிடையாது, அதை இது சீண்டாது. வீணையையும் மிருதங்கத்தையும் பலாவின் வைரக்கட்டையில் கடைய வேண்டும் என்று ஆசாரிகள் பிடிவாதம் பிடிப்பதில் இந்த லாபமும் சேர்ந்தே வருகிறது. மலிவான பெட்டிகளில்தான் வெளியே தேக்கு நிறத்தில் பாலிஷ், உள்ளே வெள்ளைக்கட்டை. எங்கள் பெட்டியின் இடப்பக்கப் பலகை அப்படித்தான் இருந்தது. வெளிப்பக்கம் பளபளவென்று இருந்தது, உள்பக்கத்தில் ஒரு கோட்டு பாலிஷ்கூட இல்லை.

துளையைப் பார்த்ததும் மெழுகாலோ மரத்தூள் பசையாலோ அடைத்துவிடுவதும் தவறுதான், அதை நானே செய்திருக்கிறேன். அடைத்துவிட்டால் புதுத்துளை எது, பழசு எது என்று தெரியாமல் போய்விடும். ரிப்பேர்காரர் சொல்லிக்கொடுத்த முறை இது: தூளையெல்லாம் மெல்லிய பிரஷால் துடைத்துவிட்டு, ஒவ்வொரு துளையையும் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட வேண்டும். அடியில் கறுப்புத் தாள் விரித்து, பெட்டியை அசைக்காமல் வைக்க வேண்டும். அசைத்தால் பழைய தூளே கொட்டி நம்மை ஏமாற்றும். இரண்டு வாரம் கழித்துத் தாளில் வெளுப்பாகப் புதுத்தூள் கிடந்தாலோ, வட்டத்துக்கு வெளியே துளை தெரிந்தாலோ உள்ளே ஆள் இருக்கிறது. ஒன்றும் இல்லையென்றாலும் உடனே நிம்மதியாகிவிட முடியாது. புழு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கலாம். ஒரு வருடமாவது மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

எங்களுக்குப் பத்தாம் நாளே கறுப்புத் தாளில் சிறிய வெள்ளைக் குவியல் விழுந்தது. அது ஒரே பலகை, அதுவும் திருகாணியில் நிற்கிற பலகை என்பதால், கழற்றி எறிந்துவிட்டுத் தேக்கின் வைரத்தில் புதிதாகப் போட்டார். மற்ற பலகைகளின் உள்பக்கத்துக்கு இரண்டு கோட்டு அரக்கு பாலிஷ் கொடுத்தார். அது உள்ளே இருக்கிற புழுவைக் கொல்லாது. அடுத்த வண்டு முட்டையிட இடம் கொடுக்காது, அவ்வளவுதான். பலகையை மாற்றவே முடியாத பழைய வீணை, வயலின் என்றால் கதை வேறு. அருங்காட்சியகங்களில் ஆக்சிஜன் புகாத விசேஷ உறையில் வைத்து, உள்ளிருக்கும் ஆக்சிஜனை அரை சதவீதத்துக்கும் கீழே இறக்கி, ஏறக்குறைய மூன்று வாரம் வைத்திருப்பார்கள். பூச்சி மூச்சுத் திணறிச் சாகும், மரத்துக்கு ஒன்றும் ஆகாது. இதைப் பார்த்துவிட்டுச் சாதாரண பாலிதீன் பையில் ஆக்சிஜன் உறிஞ்சும் பாக்கெட் போட்டு முயன்றால் பலிக்காது. அந்தப் பையின் வழியாகவே காற்று நுழைந்துவிடும்.

வெயிலில் காயவைப்பது நம் வீடுகளின் வழக்கம். பட்டுப்புடவைக்கே அது ஆகாது, வாத்தியத்துக்குக் கேட்கவே வேண்டாம். வச்சிரப் பசை விட்டுப்போகும், பலகை வளையும். வீணையை மொட்டை மாடியில் வைத்தால் மெட்டுகளைப் பிடித்திருக்கிற மெழுகு இளகி, சுருதி பார்த்து மெட்டுகளைப் பதித்துக் கட்டிய மேளம் கலைந்துவிடும். மறுபடி மேளம் கட்ட ஆள் தேடி அலைய வேண்டும். அந்த வெயில் மரத்தின் நடுவில் இருக்கிற புழு வரைக்கும் போய்ச்சேரவும் சேராது.

ஃபெல்ட், வயலின் வில்லின் குதிரைமுடி, உறையின் தனித்துணி இவற்றுக்கு வெயிலைவிட ஃப்ரீசர் நல்லது. கழற்ற முடிந்த ஃபெல்ட் துண்டுகளைப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி இறுக்கமாக மூடி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை ஒரு நாள் அப்படியே விட வேண்டும், இல்லையென்றால் உள்ளே நீர் வியர்த்துவிடும். முழு வாத்தியத்தை மட்டும் ஒருநாளும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள்.

உறைப்பெட்டியைத்தான் யாரும் கவனிப்பதில்லை. வயலின் வில்லின் முடி இரண்டு மூன்றாக அறுந்து தொங்கினால் வாசித்து அறுந்தது என்று நினைக்கிறோம். உறையின் மூலையில் வெல்வெட்டைச் சற்றுத் தூக்கிப் பார்த்தால் பழுப்பான உரித்த தோல்கள் கிடக்கும். ரோமம் தின்னும் சிறு வண்டின் புழு அங்கேதான் குடியிருக்கும். இருட்டும் அமைதியும் அதற்குப் பிடிக்கும். தினமும் திறந்து மூடுகிற உறையில் அது தங்குவது அபூர்வம். 'இது சிந்தெடிக் துணிதானே' என்று விட்டுவிடவும் முடியாது. உதிர்ந்த தலைமுடி, செத்த எறும்பு, வியர்வை அழுக்கு எல்லாம் அதற்கு உணவு. சந்தேகம் இருந்தால் ஒரு நூலைப் பிய்த்துத் தனியே கொளுத்திப் பாருங்கள். முடி கருகிய வாடையோடு சாம்பலாக உதிர்ந்தால் கம்பளி, உருகி உருண்டையானால் சிந்தெடிக். உறையின் தையல் இடுக்குகளில் குறுகிய வாய் உள்ள வாக்குவம் கிளீனரை மாதம் ஒருமுறை ஓட்டினால் பெரும்பாலும் போதும்.

வெள்ளிப்பூச்சிக்கு வேண்டியது ஈரம். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் கவரால் இறுக்கிச் சுற்றிவைப்பது உள்ளே இருக்கும் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டுவதுதான். பருத்தித் துணி உறை போட்டு, தரையிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் ஒரு சாண் தள்ளி வைத்தால் நல்லது. வேப்பிலை போடுகிறவர்கள் நன்றாகக் காய்ந்ததைத் துணியில் முடிந்து போடுங்கள், பச்சையாகப் போட்டால் அதுவே ஈரம் சேர்க்கும். வசம்பும் ஓரளவு பூச்சியை விரட்டும். ஆனால் ஏற்கெனவே குடிவந்ததைத் துரத்தும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

எங்கள் பெட்டி இப்போது பரணில் இல்லை, கூடத்து பீரோ மேல் இருக்கிறது. ஏகாதசிக்கு ஏகாதசி இறக்கி அரை மணி நேரம் வாசிக்கிறோம். பக்கத்துப் பலகையில் பென்சில் வட்டம் போட்ட நான்கு துளைகள் உண்டு. போன மாதம் ஐந்தாவது ஒன்று தெரிந்தது போல இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால், பழைய ஆணி அடித்த தடம்.