தக்காளி விலை திடீரென 392 ஆனால் என்ன செய்வது?

தினமும் காய்கறி விலையை ஷீட்டில் ஏற்றி, அப்படியே தளத்தில் காட்டுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒரு நாள் காலை எங்கள் பட்டியலில் தக்காளி கிலோ 392 ரூபாய் என்று வந்துவிட்டது. முந்தைய 7 நாள் விலைகளின் நடுமதிப்பு 28. வகுத்துப் பார்த்தால் சரியாக 14! அதாவது, கிலோ விலைக்குப் பதிலாக 14 கிலோ பெட்டியின் விலையை யாரோ போட்டிருக்கிறார்கள்.

அதன்பின் இந்தச் சூத்திரத்தைச் சேர்த்தேன். B-யில் ஏற்கெனவே வெளியான விலைகள், C-யில் இன்று வந்தது:

```
=IFERROR(IF(ABS(LN(C9/MEDIAN(B2:B8)))>LN(1.6),"HOLD","OK"),"HOLD")
```

விலை 1.6 மடங்குக்கு மேல் ஏறினாலும், அதே அளவு இறங்கினாலும் HOLD. காலியாகவோ பூஜ்யமாகவோ வந்தாலும் HOLD. சராசரியை எடுக்காதீர்கள், ஒரே ஒரு தப்பான எண் அதை இழுத்துவிடும்.

HOLD ஆனால் பழைய விலையையே அதன் தேதியோடு காட்டுங்கள். தேதி இல்லாமல் காட்டினால் அதை இன்றைய விலை என்றுதான் வாசகர் நினைப்பார்.

ஆனால் நிறுத்திய எண்ணை அழித்துவிடாதீர்கள். 2023 ஜூலையில் தக்காளி நிஜமாகவே 100 ரூபாயைத் தாண்டியதே! சந்தைக்கு போன் போட்டுக் கேட்டு, சரி என்றால் மட்டும் B-க்கு மாற்றுங்கள். நிஜமான ஏற்றம் என்றால் நடுமதிப்பு நகர 4 நாள் ஆகும். அதுவரை தினமும் HOLD வரும். அந்த நாட்களில் மட்டும், கடைசியாக நீங்கள் சரிபார்த்த விலையோடு ஒப்பிடுங்கள்.